மூன்று நிமிடத்துக்கு யார் காசு கொடுப்பது?

பார்சல் தாமதமாக வந்தால் நம் ஊரில் இரண்டு காரணங்கள் எப்போதும் தயாராக இருக்கும். ஒன்று ஜாம். இன்னொன்று, ‘ரைடர் சோம்பேறி’. படித்தவர்கள் முதலாவதைச் சொல்வார்கள், கோபத்தில் இருப்பவர்கள் இரண்டாவதைச் சொல்வார்கள். இரண்டும் தவறு என்பதுதான் என் கட்சி. உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் முடித்துவிட்டு, சில ஆண்டுகளாகக் கிள்ளான் பள்ளத்தாக்கில் பார்சல் வேன்களுக்குப் பாதை போட்டுக் கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். வண்டி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்பதைத் திரையில் பார்ப்பதே என் பிழைப்பு. பார்த்தவரைக்கும், வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரமே பெரிது. செலவும் அங்கேதான் இருக்கிறது. அந்தச் செலவை யார் கணக்கில் எழுதுவது என்பதுதான் சண்டை.

பிரிக்பீல்ட்ஸை எடுத்துக்கொள்வோம். பங்சார் ஓரம் வரை சேர்த்து நான்கு சதுரக் கிலோமீட்டர் பகுதி, ஒரு வேன், 80 பார்சல்கள். ஷா ஆலாமில் உள்ள கிடங்கிலிருந்து வந்துசேர முக்கால் மணி, திரும்பிப்போக முக்கால் மணி. இவை என் உதாரணத்துக்கான எண்கள், எந்தக் கம்பெனியின் கணக்கும் அல்ல. உள்ளே வந்தபின் 80 இடங்களையும் சுற்றிவர எத்தனை கிலோமீட்டர் ஆகும்? இதற்கு ஒரு பழைய சூத்திரம் உண்டு. அதன் வடிவத்தை 1959-இல் பியர்ட்வுட், ஹால்ட்டன், ஹேமர்ஸ்லி என்ற மூன்று கணிதவியலாளர்கள் நிறுவினார்கள், முன்னால் நிற்கும் எண் பிற்பாடு மதிப்பிடப்பட்டது:

L ≈ 0.7124 × √(n × A)

n என்பது நிற்க வேண்டிய இடங்கள், A என்பது பரப்பளவு. இடங்கள் பரவலாகச் சிதறிக் கிடக்க வேண்டும், எண்ணிக்கையும் ஓரளவு பெரிதாக இருக்க வேண்டும், அப்போதுதான் இது சரியாக வரும். நம் கணக்கில் சுமார் 12.7 கிலோமீட்டர் வருகிறது. சாலை பறவை பறப்பதுபோல நேராகப் போகாது, ஒருவழிச் சாலைகள் வேறு. அதற்காக 1.3-ஆல் பெருக்கினால் பதினாறரை கிலோமீட்டர். ஜாமில் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு மணி ஆறு நிமிடம். அவ்வளவுதான். நாம் இவ்வளவு திட்டும் ஜாம், 80 பார்சலுக்கும் சேர்த்து பிரிக்பீல்ட்ஸுக்குள் தின்பது இதில் ஒரு பகுதி. நாளைக்கே சாலை காலியாகி வேகம் இரட்டிப்பானாலும் மிச்சமாவது 33 நிமிடம்.

இப்போது நிற்கும் நேரம். ஜாலான் துன் சம்பந்தனில் வண்டியை நிறுத்த இடம் கிடைக்காது. இரட்டை வரிசையில் போட்டால் சம்மன். கொஞ்சம் தள்ளிப் போட்டுவிட்டு நடந்து வந்தால் கொண்டோவின் ஜாகா புத்தகத்தை நீட்டுவார். பெயர், வண்டி எண், வீட்டு எண், சில இடங்களில் அடையாள அட்டையும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிறகு இன்டர்காம், அதை யாரும் எடுப்பதில்லை. பிறகு போன். பிறகு லிஃப்ட். கார்டு இல்லாமல் அது நகராது என்பதால், யாராவது குடியிருப்பவர் வரும்வரை நிற்க வேண்டும். மேலே போய், கதவடியில் வைத்து, படம் பிடித்து, கீழே வந்து, அடையாள அட்டையைத் திருப்பி வாங்கி, வண்டிக்கு ஓட வேண்டும். சராசரியாக மூன்று நிமிடம் என்று நான் வைத்திருப்பது கருணையான எண். 80 பார்சலுக்கு நான்கு மணி நேரம். ஆக, கிடங்கிலிருந்து கிளம்பித் திரும்ப ஏறக்குறைய 6.6 மணி. அதில் நான்கு மணி வண்டி அசையவே இல்லை.

கிள்ளானில் இதே 80 பார்சலைப் பாருங்கள். தாமான் ஸ்ரீ அண்டலாஸ் போன்ற வரிசை வீட்டுப் பகுதிகள். பரப்பு மூன்று மடங்கு, பன்னிரண்டு சதுரக் கிலோமீட்டர் என்று வைப்போம். சுற்றும் தூரம் 29 கிலோமீட்டரை நெருங்குகிறது. ஆனால் வண்டி வீட்டு வாசலிலேயே நிற்கிறது. ஹாரன் அடித்தால் ஆள் வரும், வராவிட்டால் கேட்டுக்கு மேலாக உள்ளே இறக்கிவிட்டுப் படம் எடுக்கலாம். நாய் இருந்தால் மட்டும் பிரச்சினை. ஒரு பார்சலுக்கு ஒன்றேகால் நிமிடம் போதும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகம், கிடங்குக்குப் போய்வர ஒரு மணி என்று எல்லாம் சேர்த்தாலும் 3.8 மணியில் வேலை முடிகிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் சுற்றியவர் பாதியைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரத்தில் வீடு திரும்புகிறார்.

பார்சலுக்கு இரண்டு வெள்ளி என்று கூலி வைத்தால், இருவருக்கும் 160 வெள்ளிதான். கிள்ளான்காரருக்கு மணிக்கு 42 வெள்ளி, பிரிக்பீல்ட்ஸ்காரருக்கு 24. எண்ணெய், வண்டித் தவணை, சம்மன் எல்லாம் இதிலிருந்துதான். கம்பெனியின் எக்செல் தாளில் இரண்டு பகுதிக்கும் ‘ஒரு பார்சலின் செலவு’ ஒரே எண்ணாக இருக்கும். அந்தத் தாளைப் பார்த்து ‘நகர்ப்புறம் செலவு குறைந்த பகுதி’ என்று சொல்லும் கூட்டங்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். செலவு குறையவில்லை சார், ஆள் மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

இனி வேகத்துக்கு வருவோம். ‘இன்றே வரும்’, ‘நான்கு மணி நேரத்தில் வரும்’ என்றெல்லாம் விளம்பரம் பார்க்கிறோம். ஓட்டுநர் வேகமாக ஓட்டுவதால் பார்சல் சீக்கிரம் வருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் வேகம் என்பது காத்திருக்க மறுப்பது. மற்ற பார்சல்கள் சேரும்வரை நிற்காமல், இருப்பதை வைத்துக் கிளம்புவது. அதே 80 பார்சலை நாளுக்கு நான்கு நடையாகப் பிரித்தால் நடைக்கு இருபது. சூத்திரத்தில் வர்க்கமூலம் இருப்பதால், இடங்கள் கால்வாசியாகக் குறைந்தாலும் சுற்றும் தூரம் பாதிதான் குறையும். நான்கு நடைக்கும் சேர்த்தால் மொத்தத் தூரம் சரியாக இரண்டு மடங்கு. கிடங்குப் பயணம் நான்கு மடங்கு. நிற்கும் நேரத்தை மாற்றாமல் அப்படியே விட்டாலும் மொத்தம் 12.2 மணி ஆகிறது. அப்படி விடுவதும் நியாயமில்லை. ஒரே கொண்டோவுக்குப் பதினாறு பார்சல் இருந்தால், ஒரே நடையில் ஜாகாவின் புத்தகத்தில் ஒருமுறை எழுதினால் போதும். நான்கு நடையில் நான்கு முறை எழுத வேண்டும், நான்கு முறை வண்டி நிறுத்த இடம் தேட வேண்டும்.

மாதச் சம்பள ஓட்டுநரும் சொந்த வேனும் வைத்திருக்கும் கம்பெனிக்கு இது உடனே வலிக்கும். வண்டிக்கும் ஆளுக்கும் மணிக்கு 30 வெள்ளி ஆகிறது என்றால், ஒரு நடையில் பார்சலுக்கு இரண்டரை வெள்ளி, நான்கு நடையில் நான்கரைக்கு மேல். வேகத்தின் விலை அந்த இரண்டு வெள்ளி. நேர்மையான கம்பெனி அதை வாடிக்கையாளரிடம் கேட்கும், அல்லது பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு கடைவீட்டை வாடகைக்கு எடுத்துக் கிடங்குப் பயணத்தைக் குறைக்கும். பார்சல் கணக்கில் கூலி கொடுக்கும் கம்பெனிக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் செலவு ஒரு நடையானாலும் நான்கானாலும் அதே இரண்டு வெள்ளிதான். ரைடருக்கு மட்டும் மணிக்கு 24 வெள்ளி பதின்மூன்றாகிவிடும். பன்னிரண்டு மணி நேரம் ஒருவரால் ஓட முடியாது, ஆகவே இரண்டு பேர் வருவார்கள். ஆளுக்கு ஆறு மணி நேரம், கையில் எண்பது வெள்ளி. வேகமும் மலிவும் ஒன்றாகக் கிடைத்துவிட்டதாக விளம்பரம் சொல்வது இதைத்தான்.

நெருக்கினால் என்ன நடக்கும் என்பதும் திரையில் தெரியும். வாடிக்கையாளரின் போனில், அவர் வீட்டிலேயே இருக்கும்போது, Delivery attempted என்று வரும். ‘பொய் சொல்றான்’ என்று அவர் கொதிப்பார். பொய்தான். உண்மையில் தேடிப்போய்த் திரும்பிய பதிவுகள் நாள் முழுக்கச் சிதறியிருக்கும். பொய்ப் பதிவுகள் இரவு எட்டரை வாக்கில், ஐந்து நிமிடத்துக்குள் பத்து, ஒரே ஜிபிஎஸ் புள்ளியில், பெரும்பாலும் ஒரு பெட்ரோல் நிலையத்தில் குவிந்திருக்கும். அது சோம்பேறித்தனத்தின் வடிவம் அல்ல. பதிவு போடாவிட்டால் கெடு தாண்டியதாக அபராதம், போட்டால் நாளைக்கு ஒரு வாய்ப்பு. கிள்ளான்கார அண்ணன் ஒருவர் என்னிடம் சொன்னார்: “தம்பி, நீங்க போட்ட பாதை நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல ஜாகா இல்லையே.” அந்த ஒரு வரியை மென்பொருளில் ஏற்ற எனக்குப் பல மாதம் ஆனது. ஏற்றியபின் ஒரு கொண்டோவுக்கு நான் போட்ட நேரத்தை ‘அதிகம்’ என்று மேலே வெட்டிவிட்டார்கள்.

2021 பிப்ரவரியில், பேராக்கில் ஒரு கூரியர் கிடங்கில் ஊழியர்கள் பார்சல்களைத் தூக்கி எறியும் காணொளி பரவியது நினைவிருக்கும். ‘என் பொருள் உடைந்திருக்குமோ’ என்ற பதற்றம்தான் ஊரெங்கும். ஊதியக் குறைகளைப் பற்றிய பேச்சும் அதோடு வந்தது, அது ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. 2025 ஆகஸ்டில் கிக் தொழிலாளர் மசோதா மக்களவையில் நிறைவேறியதை நான் வரவேற்கிறேன். பிணக்குகளுக்குத் தீர்ப்பாயம், ஊதிய விகிதம் பற்றிப் பேச ஆலோசனை மன்றம் எல்லாம் வரட்டும். அந்த மேசையில் பார்சலுக்கு எத்தனை காசு, கிலோமீட்டருக்கு எத்தனை காசு என்று மட்டும் பேரம் பேசினால் பிரிக்பீல்ட்ஸ்காரருக்கு ஒன்றும் கிடைக்காது. நிற்கும் நிமிடத்துக்குத் தனிக் கூலி வேண்டும். அதை அளக்க முடியாது என்று எந்தக் கம்பெனியும் சொல்ல முடியாது. வண்டி நின்ற நொடியும் ஸ்கேன் செய்த நொடியும் எங்கள் தரவுத்தளத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. ரைடரைத் தண்டிக்கும்போது அதைத்தானே எடுத்துப் பார்க்கிறோம்.

லாக்கர் வைத்தால் போதுமே என்பார்கள். கொண்டோவின் கீழ்த்தளத்தில் பார்சல் பெட்டிகள் இருந்தால் பதினாறு பார்சலைப் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் போட்டுவிட்டுக் கிளம்பலாம், ஆள் இல்லாமல் திரும்பும் பார்சலும் இருக்காது. பொறியியலாக இதைவிட நல்ல தீர்வு எனக்குத் தெரியாது. ஆனால் நிமிடக் கூலி இல்லாத இடத்தில் லாக்கர் வந்தால், மிச்சமான நேரத்துக்கு மேலும் முப்பது பார்சல் ஏற்றுவார்கள், அல்லது ‘இப்போது சுலபம்தானே’ என்று இரண்டு வெள்ளியை ஒன்றரையாக்குவார்கள். அதனால் கூலிமுறை முதலில் மாற வேண்டும், பெட்டி அப்புறம் வரட்டும்.

கொண்டோ நிர்வாகக் குழுக்களில் இருக்கும் நண்பர்கள் லாக்கர் பேச்சு வரும்போதெல்லாம் இடம் இல்லை, செலவு அதிகம் என்கிறார்கள். ஆறடி அகலச் சுவர் ஒன்று போதும். அதற்குப்பின் பார்சலை மேலே கொண்டுபோக வேண்டியவர் வாங்கியவர்தான். லிஃப்ட் கார்டும் அவரிடம்தான் இருக்கிறது.