"திற" வேறு, "கழற்று" வேறு!

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் பூமிக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது. அதனால்தான் அரியலூர் பக்கம் இத்தனை சிமெண்டு ஆலைகள்! தமிழ்நாட்டு ஆலைகளில் இன்று பீகார், ஜார்கண்ட் தொழிலாளர்களும் வேலை செய்கிறார்கள். தமிழ் படிக்கத் தெரியாதவருக்குத் தமிழில் எழுதிய எந்திரக் கையேட்டால் என்ன பயன்? அதை இந்தியில் எழுத வேண்டும்.

400 பக்கக் கையேடு என்று வைத்துக்கொள்வோம். அதை நாலு பேர் பங்கு போட்டு மொழிபெயர்ப்பார்கள். ஆளுக்கு ஒரு சொல் போட்டால் குழப்பம்தான். ஆகவே, முதலில் ஒரு சொற்பட்டியல் தயாரிக்கிறார்கள்.

பெரும்பாலும் அதில் பொருள்களின் பெயர்களே இருக்கும். சுண்ணாம்புக்கல் என்றால் 'சூனா பத்தர்'. இதில் பெரிய தொல்லை இல்லை. 1961-இல் மத்திய அரசு அமைத்த கலைச்சொல் ஆணையம் இந்தியில் அகராதிகள் வெளியிட்டிருக்கிறது. மோட்டாரும் வால்வும் இரண்டு மொழியிலும் அதே பெயர்தான்.

ஆபத்து, 'இதைச் செய்' என்று ஏவும் சொற்களில் இருக்கிறது என்பது என் கருத்து.

"வால்வைத் திற" என்றால் கைப்பிடியைத் திருப்பு என்று பொருள். "வால்வைக் கழற்று" என்றால், போல்ட்டுகளை நீக்கி வால்வையே வெளியே எடு என்று பொருள். இந்தியில் இரண்டையும் "வால்வ் கோலோ" என்று சொல்லிவிடலாம்! குழாய்க்குள் அழுத்தத்தோடு காற்று நிற்கும்போது, திறக்க வேண்டியவர் கழற்றினால் என்ன ஆகும்?

"மூடு", "நிறுத்து", "அணை" மூன்றும் அப்படியே. மூன்றுக்கும் "பந்த் கரோ" போதும். "பம்பை நிறுத்து, பிறகு மூடு" என்பதை அப்படி மாற்றினால், இரண்டாவது வேலை காணாமல் போய்விடும்.

ஆகவே பட்டியலில் இப்படி எழுத வேண்டும்: 'திற' என்றால் 'கோல்னா', 'கழற்று' என்றால் 'நிகால்னா', இங்கே 'கோல்னா' கூடாது. 'மூடு' என்றால் 'பந்த் கர்னா'. 'நிறுத்து' என்றால் 'ரோக்னா'. கூடாத சொல்லையும் எழுதி வைப்பது முக்கியம். மொழிபெயர்ப்பவரின் கை பழக்கத்தில் அதற்குத்தான் போகும்!

இன்னொரு தொல்லை நம் தமிழிலேயே உண்டு. ஒரு பக்கத்தில் 'கழற்று', இன்னொரு பக்கத்தில் 'கழட்டு', வேறொரு பக்கத்தில் 'பிரி' என்று இருக்கும். வேலை ஒன்றுதான். முதலில் தமிழ்க் கையேட்டில் ஒரே சொல்லாக்கிவிட வேண்டும். கம்ப்யூட்டரில் தேடும்போது முழுச் சொல்லைத் தேடாதீர்கள். 'கழற்று' என்று தேடினால் 'கழற்றவும்' அகப்படாது. 'கழற்' என்று தேட வேண்டும். அகப்பட்ட ஒவ்வோர் இடத்திலும் இந்தியில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

அச்சுக்குப் போகுமுன் ஒரு சோதனை உண்டு. எந்திரம் ஓடாத நேரத்தில், இந்தி படிக்கத் தெரிந்த ஒரு தொழிலாளியிடம் அந்தப் பக்கத்தைக் கொடுங்கள். "என்ன செய்வீர்கள்? கையால் காட்டுங்கள்" என்று கேளுங்கள். 'கழற்று' என்ற இடத்தில் அவர் ஸ்பானரை எடுத்தால் சரி. கைப்பிடியைத் தொட்டால், பட்டியலைத் திருத்த வேண்டும்.