மீன் திருடனைக் காட்டியது கிரகமா, புத்தியா?

திருட்டுப் போன மீனைத் தேடி, ஒருவர் வானத்தைப் பார்த்தார். மீனும் கிடைத்தது! அதோடு ஒரு கேள்வியும் பிறந்தது.

அவர் பெயர் வில்லியம் லில்லி. இங்கிலாந்தில் பெரும்புகழ் பெற்ற சோதிடர். 1602-ல் பிறந்து 1681-ல் மறைந்தவர். 1647-ல் அவர் வெளியிட்ட "கிறிஸ்டியன் அஸ்ட்ராலஜி" என்ற பெரிய புத்தகத்தை, மேல்நாட்டுச் சோதிடர்கள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். இந்த மீன் கதையை அந்தப் புத்தகத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

கேள்விக்கு ஒரு ஜாதகம்

மனிதன் பிறந்த நேரத்துக்கு ஜாதகம் கணிப்பது உண்டு. கேள்வி பிறந்த நேரத்துக்கும் ஜாதகம் கணிப்பது உண்டு. நம் நாட்டில் இதைப் பிரசன்னம் என்பார்கள். மேல்நாட்டிலும் இதே போன்ற முறை இருக்கிறது. கேள்வி சோதிடரின் காதில் விழும் நேரத்தில் கிரகங்கள் எங்கே நின்றன என்று கட்டம் போட்டு, அதைப் பார்த்தே பதில் சொல்வார்கள்.

அந்தக் கட்டத்தில் முதல் வீடு, கேள்வி கேட்டவரைக் குறிக்கும். இரண்டாம் வீடு அவருடைய பொருள். ஏழாம் வீடு திருடன். பத்தாம் வீடு உத்தியோகம். எந்தக் கிரகம் எந்த வீட்டுக்கு அதிபதி, எது எதை நெருங்குகிறது என்று பார்ப்பதுதான் வேலை.

காணாமல் போன மீன்

1638-ம் ஆண்டு. லில்லி அப்போது தேம்ஸ் நதிக்கு அருகே, ஹெர்ஷம் என்ற ஊரில் இருந்தார். தவக்காலத்துக்காக லண்டனில் மீன் வாங்கியிருந்தார். அது படகில் ஏறி, பக்கத்து ஊரான வால்டனுக்கு வந்தது.

பிப்ரவரி 10-ந் தேதி, சனிக்கிழமை. படகுக்காரர் ஒருவர் வந்தார். கையில் மீன் இல்லை. "நேற்று இரவு கிடங்கில் திருடு போய்விட்டது. உங்கள் மீனும் போய்விட்டது" என்றார்.

லில்லி உடனே மணி பார்த்தார். அந்த நேரத்துக்குக் கட்டம் போட்டார்.

ரிஷப லக்கினம். ஏழாம் வீடு விருச்சிகம். அங்கே வியாழன் நின்றது. விருச்சிகம் வியாழனுக்குச் சொந்த வீடு அல்ல. இப்படி உரிமை இல்லாத இடத்தில் நிற்கும் கிரகத்தை மேல்நாட்டார் அன்னிய கிரகம் என்று வைத்து, அதையே திருடனுக்கு அடையாளமாகக் கொள்வார்கள்.

ஆனால் வியாழன் பெரிய மனிதர்களைக் குறிக்கும் கிரகம். "பெரிய மனிதன் போயும் போயும் மீனையா திருடுவான்?" என்று லில்லி யோசித்தார். அந்த அர்த்தத்தை ஒதுக்கிவிட்டார். விருச்சிகம் நீர் ராசி என்பதை மட்டும் பிடித்துக்கொண்டார். அவருடைய பொருளைக் குறித்த புதன், மீனத்தில் இருந்தது. அதுவும் நீர் ராசி. ஆகவே, திருடன் தண்ணீரில் பிழைப்பவன் என்றும், மீன் ஈரமான இடத்தில் இருக்கிறது என்றும் முடிவு செய்தார்.

புதன் சந்திரனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. அதனால் மீனைப் பற்றித் தகவல் வரும் என்று நம்பினார். ஆனால் மீனத்தில் புதன் நீசம். ஆகவே முழுவதும் கிடைக்காது, கொஞ்சம் கிடைக்கலாம் என்று கணித்தார்.

ஏழாம் வீட்டு அதிபதி செவ்வாய். அது விருச்சிகத்தின் கடைசியில் நின்று, அடுத்த ராசிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தது. "அப்படியானால் திருடன், நிலத்தை விற்றவனாக அல்லது வீடு மாறப் போகிறவனாக இருக்க வேண்டும்" என்று லில்லி எண்ணினார்.

ஊரில் விசாரித்தார்

இதற்குப் பிறகு லில்லி வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை. ஊருக்குள் விசாரித்தார். அப்படி ஒரு மீனவர் இருந்தார். நல்ல உயரம், பருத்த உடல், சிவந்த முடி. ஆற்றங்கரையில் வீடு. திருட்டுப் புத்தி உள்ளவர் என்று அவர் மேல் ஏற்கனவே ஊருக்குச் சந்தேகம் இருந்தது.

லில்லி மாஜிஸ்திரேட்டிடம் வாரண்டு வாங்கினார். யாரிடமும் மூச்சு விடவில்லை. பிப்ரவரி 18-ந் தேதி, கான்ஸ்டேபிளையும் படகுக்காரரையும் அழைத்துக்கொண்டு, அந்த ஒரு வீட்டை மட்டும் சோதனை போட்டார். மீனில் ஒரு பகுதி அங்கே தண்ணீரில் கிடந்தது. ஒரு பகுதியைத் தின்றுவிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். மீதி மீனை லில்லி அவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிட்டார்.

மீனோடு ஏழு போர்ச்சுகல் வெங்காயமும் போயிருந்தது. அதைக் கேட்டபோது, அது இன்னதென்று தெரியாமல் கஞ்சியில் போட்டுக் காய்ச்சிவிட்டதாக அந்த வீட்டுப் பெண் சொன்னார்!

எது வழி காட்டியது?

சோதிடம் பலித்தது என்று சொல்லலாம். ஆனால் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டும்.

மீன் திருடு போனது ஆற்றங்கரைக் கிடங்கில். அங்கே இரவில் புழங்குகிறவர்கள் படகுக்காரர்களும் மீனவர்களுமே. திருடன் தண்ணீரில் பிழைப்பவன் என்று சொல்ல விருச்சிகமும் மீனமும் தேவையா? வியாழன் காட்டிய "பெரிய மனிதன்" பொருந்தவில்லை என்றதும், லில்லி அதைத் தள்ளிவிட்டார். அங்கே தீர்ப்பு சொன்னது கட்டம் அல்ல, அவருடைய உலக அனுபவம். தம்முடைய புத்தியும் சேர்ந்தே வழி காட்டியது என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். அது அவருடைய நேர்மை.

ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த மீனவர் திருடாதவராக இருந்திருந்தால்? நிலம் விற்றதும், சிவந்த முடி வைத்திருந்ததும் குற்றமா? ஊர் பார்க்க வீட்டில் கான்ஸ்டேபிள் புகுந்தால், மீன் கிடைக்காவிட்டாலும் கெட்ட பெயர் போகுமா? கட்டம் தவறினால் சோதிடருக்கு ஒரு கணக்குப் பிழை. அந்தக் குடும்பத்துக்கோ தலைமுறைப் பழி.

மீனாவது தேடிப் பார்த்து, உண்டு இல்லை என்று அறியக்கூடியது. உத்தியோகக் கேள்வி அப்படி அல்ல. முதல் வீட்டு அதிபதியும் பத்தாம் வீட்டு அதிபதியும் ஒன்றையொன்று நெருங்கினால் வேலை கிடைக்கும் என்பார்கள். சந்திரன் தான் நிற்கும் ராசியை விட்டுப் போவதற்குள் எந்தக் கிரகத்தோடும் பார்வை சேராவிட்டால், "இதனால் ஒன்றும் விளையாது" என்பார்கள். அதை நம்பி, கைக்கு வந்த வேலையை ஒருவர் மறுத்துவிட்டால், அந்த வேலை நல்லதாக இருந்திருக்குமா என்று பிறகு எப்படித் தெரியும்? போகாத வழியில் என்ன இருந்தது என்று யாரும் பார்க்க முடியாது. எனவே இந்தக் கேள்வியில் சோதிடம் தோற்றதாக ஒருபோதும் தெரியாது. அதுதான் ஆபத்து.

காணாமல் போன பொருளுக்குக் கட்டம் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். கிடைக்குமா, எங்கே என்ற பதிலைத் தேடுவதற்கு முன்பே தாளில் எழுதி வைக்கட்டும். பலித்ததைப் போலவே பலிக்காததையும் எண்ணட்டும். ஆனால் கட்டத்தை வைத்து ஒருவரைத் திருடன் என்று சொல்லக் கூடாது. வந்த வேலையையும் தள்ளக் கூடாது.

அந்தச் சோதனையில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. மீனைக் கட்டியிருந்த சாக்கு படகுக்காரருடையது. அது அதே அறையில், அவர் கண் முன்னாலேயே கிடந்தது. நன்றாகத் துவைத்திருந்ததால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. "என் சாக்கு மட்டும் கிடைத்தால் போதும்" என்றார். "அன்றைக்கு ராத்திரி மீனோடு என் வீட்டுக்காரர் கொண்டுவந்த சாக்கைத் தவிர வேறு சாக்கு இங்கே இல்லையே" என்று அந்தப் பெண் உளறிவிட்டார்.

சாக்கைக் காட்டிக் கொடுத்தது கிரகம் அல்ல. வாய்!