உங்கள் பாஸ்வேர்டை ஒரு தளம் தெரிந்து வைத்திருக்கவே கூடாது

போன மாதம் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பள்ளிக்கூடம் முடிந்து சித்தியின் மகளை வீட்டுக்குக் காரில் கூட்டிக்கொண்டு வந்தேன். அவளுக்கு 16 வயது. வழியில் ஒரு நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுக்கப் பார்த்தாள். டிக்கெட் தளத்தின் பாஸ்வேர்ட் மறந்துவிட்டது. "மறந்துவிட்டேன்" என்ற பட்டனை அமத்தினாள். இரண்டு நிமிசத்தில் மின்னஞ்சல் வந்தது.

"அண்ணா, நல்ல தளம் இது. புதுசு வைக்கச் சொல்லாமல் என்ர பழைய பாஸ்வேர்டையே அப்படியே அனுப்பியிருக்கினம்!"

அவளுக்குச் சந்தோசம். நான் ஹனோவர் நடுவில் ஓரிடத்தில் காரை நிறுத்திவிட்டு, "இதே பாஸ்வேர்டை வேறெங்கும் வைச்சிருக்கிறியா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஜிமெயிலுக்கும் இதுதான்" என்றாள்.

நான் ஏன் பதறினேன் என்பதைத்தான் எழுதப்போகிறேன். அந்தத் தளத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே தவறைச் செய்து மாட்டிக்கொண்ட ஒரு தளத்தின் கதை ஜேர்மனியில் எல்லோருக்கும் தெரியும்படி நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் ஒரு கேள்வி. நீங்கள் லாக்-இன் செய்யும்போது, நீங்கள் தட்டியது சரியான பாஸ்வேர்டா என்று தளம் பார்க்க வேண்டும். அதற்கு உங்கள் பாஸ்வேர்ட் அதனிடம் இருந்தாக வேண்டும் என்றுதானே தோன்றும்? தேவையில்லை. அதற்காகத்தான் ஹாஷ் இருக்கிறது.

ஹாஷ் என்பது ஒரு கணக்கு. எந்தச் சொல்லைக் கொடுத்தாலும், எவ்வளவு நீளமாகக் கொடுத்தாலும், ஒரே அளவான ஓர் எழுத்துக்கோவையைத் திருப்பித் தரும். லினக்ஸ் கணினியில் நீங்களே செய்து பார்க்கலாம்:

```
$ printf 'hello' | sha256sum
2cf24dba5fb0a30e26e83b2ac5b9e29e1b161e5c1fa7425e73043362938b9824  -
$ printf 'Hello' | sha256sum
185f8db32271fe25f561a6fc938b2e264306ec304eda518007d1764826381969  -
```

முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கினேன். விடையில் ஒற்றுமை எதுவும் மிஞ்சவில்லை. ஆனால் `hello` என்று எப்போது கொடுத்தாலும், எந்தக் கணினியில் கொடுத்தாலும், அந்த முதல் வரிதான் வரும். அதிலிருந்து பின்னோக்கிப் போய் `hello` என்று கண்டுபிடிக்கக் கணக்கு வழி எதுவும் இல்லை. இடித்த சம்பலில் இருந்து தேங்காயைத் திரும்ப எடுக்க முடியாது, அதுபோல.

ஒழுங்கான தளம் இதைத்தான் பயன்படுத்துகிறது. நீங்கள் கணக்குத் தொடங்கும் நாளில் உங்கள் பாஸ்வேர்டை ஹாஷ் செய்து, விடையை மட்டும் எழுதி வைத்துக்கொண்டு, பாஸ்வேர்டை மறந்துவிடும். அடுத்த நாள் நீங்கள் தட்டுவதை மறுபடி ஹாஷ் செய்யும். இரண்டு விடையும் ஒன்றென்றால் கதவு திறக்கும். பாஸ்வேர்டை வைத்திருக்காமலேயே சரிபார்த்தாகிவிட்டது. இப்படிப்பட்ட தளத்தால், தானே விரும்பினாலும், உங்கள் பழைய பாஸ்வேர்டை மின்னஞ்சலில் அனுப்ப முடியாது. புதியது வைக்க ஒரு லிங்க் மட்டும்தான் அனுப்ப முடியும். தங்கச்சிக்கு வந்த மின்னஞ்சலைக் கண்டு நான் பதறியது இதனால்தான்.

இப்போது அந்தக் கதை. கார்ல்ஸ்றூவவில் க்னுடெல்ஸ் என்றொரு சட் தளம் இருக்கிறது. இங்கே வளர்ந்த என் வயதுக்காரர் பலருக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். 2018 ஜூலையில் ஹேக்கர்கள் உள்ளே புகுந்தார்கள். செப்டெம்பரில், திருடியவை இணையத்தில் வெளியாகின. ஏறக்குறைய 330,000 பேரின் தரவுகள், மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும் உட்பட. பாஸ்வேர்டுகள் ஹாஷாக இல்லை. வாசிக்கக்கூடிய வெறும் எழுத்தாக இருந்தன.

அந்த நிறுவனம் ஹாஷைப் பற்றிக் கேள்விப்படாததல்ல. வெறும் எழுத்துப் பிரதியை அவர்கள் வைத்திருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. சட்டில் யாராவது உங்களிடம் நைசாகப் பேசி பாஸ்வேர்டைக் கேட்டு, நீங்களும் அதைத் தட்டிவிட்டால், அந்தச் செய்தி போகாமல் தடுக்க ஒரு வடிகட்டி வைத்திருந்தார்கள். வடிகட்டிக்கு உங்கள் பாஸ்வேர்ட் தெரிந்தால்தானே தடுக்கும்? அதற்காக வெறும் எழுத்தில் வைத்தார்கள். உங்களைக் காப்பாற்றுவதற்காக வைத்த பிரதிதான் கடைசியில் திருடர் கைக்குப் போனது.

2018 நவம்பரில் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 20,000 யூரோ தண்டம் விதித்தது. அந்த ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஜேர்மனியில் விதிக்கப்பட்ட முதல் தண்டம் அது. தொகை சிறியதாக இருந்ததற்குக் காரணம், நிறுவனம் தானே முன்வந்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதும், செலவு செய்து உடனே திருத்தியதும். அதை நான் குறை சொல்லமாட்டேன். கடுமையாக அடித்தால் அடுத்த நிறுவனம் மூடி மறைக்கத்தான் பார்க்கும்.

என் வாதம் வேறு. நல்ல நோக்கம் இருந்தால் வெறும் எழுத்தில் வைக்கலாமா? கூடாது என்கிறேன்.

அந்த வடிகட்டியை ஹாஷ் வைத்தே செய்திருக்க முடியாதா என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பும் செய்தியின் ஒவ்வொரு சொல்லையும் ஹாஷ் செய்து, உங்கள் பாஸ்வேர்டின் ஹாஷோடு ஒப்பிட்டால் போதும். முடியும், ஆனால் விலை உண்டு. பாஸ்வேர்டுக்கான நல்ல ஹாஷ் வேண்டுமென்றே மெதுவாகச் செய்யப்பட்டது. ஒரு சொல்லுக்குப் பத்தில் ஒரு நொடி என்று வையுங்கள். பத்துச் சொல் உள்ள செய்திக்கு ஒரு நொடி. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சட் பண்ணினால் சேர்வர் திணறும். அப்படியானால் அந்த வடிகட்டியே வேண்டாம் என்று முடிவெடுத்திருக்க வேண்டும். ஏமாந்து பாஸ்வேர்டைச் சொல்லக்கூடிய சிலரைக் காக்க, எல்லோருடையதையும் ஒரே இடத்தில் வாசிக்கும்படி குவித்து வைப்பது நியாயமான பேரம் அல்ல.

"ஏன் மெதுவாக?" என்று கேட்பீர்கள். இங்கேதான் ஹாஷின் எல்லை இருக்கிறது. பின்னோக்கிப் போக முடியாது என்றேன். ஆனால் திருடன் பின்னோக்கிப் போவதில்லை, ஊகிக்கிறான். `123456` என்பதன் ஹாஷ் `8d969eef` என்று தொடங்கும். அதை முழுதாக இணையத்தில் தேடினாலே விடை வந்துவிடும். எல்லோரும் வைக்கும் பாஸ்வேர்டுகளை ஏற்கெனவே ஹாஷ் செய்து பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

இதற்கு இரண்டு மருந்து. முதலாவது சால்ட், அதாவது உப்பு. தளம் ஒவ்வொருவருக்கும் ஒரு தனி எழுத்துக்கோவையைக் குருட்டாம்போக்கில் உருவாக்கி, பாஸ்வேர்டோடு சேர்த்து ஹாஷ் செய்யும். அந்த உப்பு இரகசியம் அல்ல, ஹாஷுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஆனால் நீங்களும் நானும் ஒரே பாஸ்வேர்ட் வைத்தாலும் நம் ஹாஷ்கள் வேறு வேறாகும், முன்கூட்டிப் போட்ட பட்டியலும் பயன்படாது. 2012இல் லிங்க்டின் தளத்திலிருந்து வெளியான ஹாஷ்களுக்கு உப்புப் போடப்படவில்லை. அதனால் அவற்றில் பெரும்பகுதி விரைவில் உடைந்தது.

இரண்டாவது மருந்து அந்த மெதுமை. மேலே நாம் செய்து பார்த்த `SHA-256` மிக வேகமானது. விளையாட்டுக் கணினியில் இருக்கும் நல்ல கிராஃபிக்ஸ் கார்டு ஒன்று நொடிக்கு 10 பில்லியன் ஊகங்களைச் சோதித்துவிடும். எட்டுச் சின்ன எழுத்துகளால் ஆன பாஸ்வேர்டுகள் மொத்தம் ஏறக்குறைய 209 பில்லியன். கணக்குப் போடுங்கள்: 21 நொடி. நீங்கள் தேத்தண்ணியில் சீனி கலக்கி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். அதே கார்டு, `bcrypt` போன்ற மெதுவான ஹாஷில் நொடிக்கு ஆயிரம்தான் சோதிக்கிறது என்று வையுங்கள். இப்போது அதே வேலைக்கு ஆறரை ஆண்டு வேண்டும். அதுவும் ஒருவருடைய பாஸ்வேர்டுக்கு மட்டும். உப்பு இருப்பதால் அடுத்தவருக்கு முதலில் இருந்து தொடங்க வேண்டும். லாக்-இன் செய்யும் உங்களுக்கோ அந்தச் சிறு தாமதம் தெரியவே தெரியாது. ஆனால் பாஸ்வேர்ட் `123456` என்றால் எந்த மெதுமையும் காப்பாற்றாது. திருடனின் முதல் ஊகமே அதுதான்.

இன்னோர் ஓட்டையும் உண்டு. நீங்கள் தட்டும் அந்த நொடியில் பாஸ்வேர்ட் வெறும் எழுத்தாகத்தான் தளத்துக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே யாராவது கவனமில்லாமல் அதைப் பதிவுக் கோப்பில் எழுதவிட்டால், ஹாஷ் எவ்வளவு நல்லதாக இருந்தும் வீண். ஃபேஸ்புக்குக்கு இதுதான் நடந்தது. பல நூறு மில்லியன் பாஸ்வேர்டுகள் உள்ளகக் கோப்புகளில் வெறும் எழுத்தாகக் கிடந்ததை 2019இல் ஒப்புக்கொண்டார்கள். 2024இல் அயர்லாந்து ஆணையம் 91 மில்லியன் யூரோ தண்டம் விதித்தது. முன்கதவுக்கு நல்ல பூட்டுப் போட்டுவிட்டுச் சாவியின் பிரதியை மேசையில் விட்டதுதான் இரண்டு கதையிலும் நடந்தது.

ஒரு தளம் உள்ளே என்ன செய்கிறது என்று வெளியிலிருந்து நமக்குத் தெரியாது. ஆனால் சில அடையாளங்கள் உண்டு. பழைய பாஸ்வேர்டை மின்னஞ்சலில் அனுப்பினாலோ, தொலைபேசியில் ஒருவர் "உங்கள் பாஸ்வேர்டின் மூன்றாம் எழுத்து என்ன?" என்று கேட்டுச் சரிபார்த்தாலோ, அது அவர்களால் வாசிக்கக்கூடிய வடிவத்தில் இருக்கிறது. "பூட்டித்தான் வைத்திருக்கிறோம்" என்று சொல்வார்கள். திறக்கச் சாவி இருந்தால், புகுந்தவன் கையிலும் அந்தச் சாவி கிடைக்கக்கூடும். ஹாஷுக்குச் சாவியே இல்லை.

தங்கச்சி அன்றிரவே ஜிமெயில் பாஸ்வேர்டை மாற்றினாள். மற்றத் தளங்களின் "மறந்துவிட்டேன்" மின்னஞ்சல் எல்லாம் ஜிமெயிலுக்குத்தான் வரும் என்பதால் அதை முதலில் மாற்றச் சொன்னேன். பிறகு இருவரும் சேர்ந்து அந்த டிக்கெட் தளத்துக்கு ஜேர்மன் மொழியில் நாலு வரி எழுதினோம். இன்னும் பதில் இல்லை. கீழ்சாக்சனி மாநிலத்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம் இங்கே ஹனோவரில்தான் இருக்கிறது. இணையத்தில் முறைப்பாடு செய்யலாம், காசு இல்லை. வருகிற சனிக்கிழமைக்குள் பதில் வராவிட்டால், அந்தப் படிவத்தை அவளே நிரப்புகிறேன் என்றிருக்கிறாள்.