பதில் எப்போது வரும்?



கடைக்கு வரும் ஒருவரிடம் "கொஞ்சம் இருங்க, வாறேன்" என்று சொன்னால் அவர் காத்திருப்பார். நாம் வேலையாக இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிகிறது. பேஸ்புக் பக்கத்தில் விலை கேட்பவருக்கு அது தெரியாது. பதில் வராதபோது, இந்தத் தொழில் இப்போது நடக்கவில்லையோ, பணம் அனுப்பினால் பொருள் வருமோ என்று நினைக்கத் தொடங்குகிறார். பதில் வரும் வேகத்தை வைத்தே அவர் நம்மை எடைபோடுகிறார்.

பேஸ்புக் நிறுவனம் 2015ஆம் ஆண்டில், விரைந்து பதில் தரும் பக்கங்களில் "Very responsive to messages" என்ற அடையாளத்தைக் காட்டத் தொடங்கியது. அதைப் பெற, வரும் செய்திகளில் 90 சதவீதத்துக்குப் பதில் கொடுக்க வேண்டியிருந்தது. பதிலும் பொதுவாக 5 நிமிடத்துக்குள் போக வேண்டியிருந்தது. பின்னர் அந்த நேரம் 15 நிமிடமாக்கப்பட்டது. ஆளை வைத்து நடத்தும் கடைக்கு இது முடியும். வீட்டில் தனியாக உழைக்கும் பெண்ணால் முடியுமா?

தெல்தோட்டையில் எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி போரில் கணவரை இழந்தவர். வன்னியிலிருந்து வந்து உறவினரோடு தங்கி, சிறுமிகளுக்குச் சட்டை தைத்து விற்கிறார். பகல் முழுவதும் மெஷினில் இருப்பதால், பிள்ளைகள் தூங்கிய பின் 9 மணிக்குத்தான் எல்லாருக்கும் பதில் எழுதுவார். ஒருநாள் காலை பத்தரை மணிக்குக் கம்பளையிலிருந்து ஒரு தாய், ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சட்டை என்ன விலை என்று கேட்டிருந்தார். இரவு பதில் போனபோது, "பின்னேரமே டவுனில் வாங்கிவிட்டோம்" என்று எழுதினார். விலையில் குறையில்லை, தையலிலும் குறையில்லை. தேவை அன்றைக்கே இருந்தது, அவ்வளவுதான்.

நாங்கள் இருவரும் அமர்ந்து பழைய செய்திகளைப் படித்தோம். பெரும்பாலானவை மூன்றே கேள்விகள்: விலை என்ன, எந்த அளவு இருக்கிறது, எங்கள் ஊருக்கு அனுப்புவீர்களா. இவற்றுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. எனவே வயதுவாரியாக விலையையும் அனுப்பும் செலவையும் பக்கத்தின் மேலேயே எழுதிவைத்தார். அதே பதில்களை வட்ஸ்அப் பிஸ்னஸில் "Quick replies" என்ற இடத்தில் சேமித்தார். காலை ஏழரை, பகல் ஒன்று, இரவு எட்டு என்று மூன்று நேரம் ஒதுக்கினார். மற்ற வேளைகளில் "Away message" தானாகப் போகும்:

"வணக்கம். இப்போது தைத்துக்கொண்டிருக்கிறேன். பகல் 1 மணிக்கும் இரவு 8 மணிக்கும் பதில் தருவேன். பிள்ளையின் வயதையும் உங்கள் ஊரையும் எழுதிவையுங்கள்."

இதில் முக்கியமானது நேரத்தைச் சொல்வதுதான். "விரைவில் தொடர்புகொள்வோம்" என்றால் அது பதிலாகாது. பேஸ்புக்கும் தானாகப் போகும் பதிலைத் தன் கணக்கில் சேர்ப்பதில்லை. சொன்ன நேரத்தில் நீங்கள் வராவிட்டால், சொல்லாமல் இருந்ததைவிடக் கெட்ட பெயர் வரும். பதில் எழுத நேரமில்லாதபோது செய்தியைத் திறக்கவும் வேண்டாம். நீல அடையாளம் விழுந்தபின் மௌனமாக இருந்தால், பார்த்தும் பேசாமல் இருப்பதாக எண்ணுவார்கள்.

தாமதமாகப் பதில் சொல்வதே சரியான இடங்களும் உண்டு. முதலாவது பணம். வங்கியில் போட்ட சிட்டையின் படத்தை அனுப்பி, "உடனே பொருளை அனுப்புங்க" என்று அவசரப்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். படத்தை மாற்றி அமைப்பது எளிது. உங்கள் கணக்கில் பணம் சேர்ந்ததைப் பார்க்கும்வரை "கிடைத்தது" என்று எழுதாதீர்கள். "கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்பது போதும். உண்மையாகப் பணம் போட்டவர் அதற்குக் கோபிக்க மாட்டார்.

இரண்டாவது, கணக்குப் பார்க்க வேண்டிய ஓடர். திருமணத்துக்கு பத்துச் சட்டை என்றால், கண்டியில் துணி விலை விசாரிக்காமல் தொகை சொல்லக்கூடாது. அவசரத்தில் குறைத்துச் சொன்ன விலையைப் பின்னர் கூட்டினால், ஒருநாள் தாமதத்தைவிட அதிக நம்பிக்கை போகும். செய்தி கிடைத்ததை உடனே தெரிவித்து, "நாளை பின்னேரம் விலை சொல்கிறேன்" என்று நாளைக் குறித்துவிடுங்கள். தையல் பிரிந்தது என்ற முறைப்பாட்டுக்கும் இதுவே வழி: முதலில் படத்தைக் கேளுங்கள், பார்த்தபின் முடிவு சொல்லுங்கள்.

மூன்றாவது, இரவு. கனடாவில் பகலாக இருக்கும்போது நமக்கு இரவு. அங்குள்ள வாடிக்கையாளருக்கு அது தெரியும், காலைவரை பொறுப்பார். ஆனால் பொருளைப் பற்றி ஒன்றும் கேட்காமல், நள்ளிரவில் "தனியாகவா இருக்கிறீங்க?" என்று எழுதுபவர் வாடிக்கையாளர் அல்ல. அவருக்குக் காலையிலும் பதில் தேவையில்லை. அந்த எண்ணைத் தடுத்துவிடுங்கள். தொழிலுக்குத் தனி எண் வைத்திருந்தால் இரவில் அதை நிறுத்திவைப்பதும் எளிது.