மாத்திரை மட்டும் போதாது, உறையும் வேண்டும்



சின்னப் பிள்ளையின் கையிலோ வாயிலோ என்னவென்று தெரியாத மாத்திரை இருந்தால், நாங்கள் அதை மட்டும் பொத்திப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். பாதி கரைந்த வெள்ளை மாத்திரையைப் பார்த்து யாராலும் பெயர் சொல்ல முடியாது. லயத்து வீடுகளில் அது பெரும்பாலும் பாட்டியின் கிளினிக் மருந்து. பெயர் இருப்பது கடதாசி உறையிலும் கிளினிக் கொப்பியிலும்தான்.

பிள்ளை மயங்கினாலோ மூச்சுத் திணறினாலோ படம் எடுக்க நிற்காமல் 1990க்கு அழையுங்கள். இல்லாவிட்டால், ஒருவர் வாகனம் தேடும்போது மற்றவர் மாத்திரையை வெள்ளைத் தாளில், ஒரு நாணயத்தின் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் எழுத்தும் கோடும் தெரியப் படம் எடுக்கட்டும். உறையையும் கொப்பியின் கடைசிப் பக்கத்தையும் எடுங்கள்.

பிறகு எண்ணுங்கள். 10ஆம் திகதி கிளினிக்கில் 28 மாத்திரை கொடுத்தார்கள், மறுநாளிலிருந்து தினம் காலையில் ஒன்று என்று வையுங்கள். 15ஆம் திகதி பகல் 23 மிஞ்ச வேண்டும். 21தான் இருந்தால், பிள்ளை இரண்டு விழுங்கியதாகவே டாக்டரிடம் சொல்லுங்கள். கடைசியாகப் பிள்ளையை நல்லபடி பார்த்த நேரம், மாத்திரையைக் கண்ட நேரம், பிள்ளையின் நிறை மூன்றையும் எழுதுங்கள்.

வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பிள்ளை விளையாடுகிறதே என்று வீட்டிலும் வைத்திருக்காதீர்கள். கிளிக்ளசைட் போன்ற சீனி வியாதி மாத்திரை ஒன்றே சின்னப் பிள்ளையின் இரத்தச் சீனியை ஆபத்தாக இறக்கலாம், அதுவும் பல மணி நேரம் கழித்து. படம் இருந்தாலும் மிச்ச மாத்திரையையும் உறையையும் கையோடு கொண்டு போங்கள்.

உறையைக் கிழித்து மாத்திரைகளை ஒரே டப்பாவில் கொட்டும் பழக்கத்தை இன்றே விடுவோம்.