மாதம் 300 வெள்ளி: சேமிப்பா, முதலீடா? தேதிதான் முடிவு செய்யும்

இரண்டு ஆண்டில் வீவக வீட்டின் சாவி கைக்கு வரும். அதற்குள் கட்டில், குளிர்பதனப்பெட்டி, சலவை இயந்திரம் வாங்கக் காசு சேர்க்கணும். சம்பளம் வந்ததும் மாதம் 300 வெள்ளி ஒதுக்க முடியும். 24 மாதத்தில் 7,200 வெள்ளி. அதை எங்கே போடுவது?

ஒன்று, வங்கியின் மாதச் சேமிப்புக் கணக்கு. இந்திய யூடியூப் காணொளிகளில் 'ஆர்.டி.' என்று சொல்வார்களே, கிட்டத்தட்ட அதுபோல. மற்றொன்று, மாதாமாதம் நிதியில் போடும் முதலீடு, அதாவது அங்கே 'எஸ்.ஐ.பி.' என்பது. சிங்கப்பூரில் இந்த இரண்டாவதற்கு 'ரெகுலர் சேவிங்ஸ் பிளான்' என்று பெயர். பெயரில் சேமிப்பு இருந்தாலும் அது முதலீடுதான். போட்ட காசு குறையலாம்.

2 விழுக்காடு வட்டி என்றால் எவ்வளவு கிடைக்கும்?

வட்டி ஆண்டுக்கு 2 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டுக்கு 4 விழுக்காடு, அதாவது 288 வெள்ளி வரும் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் வருவது சுமார் 150 வெள்ளிதான்.

காரணம் எளிது. முதல் மாதம் போட்ட 300 வெள்ளிதான் முழு 24 மாதமும் கணக்கில் இருக்கும். கடைசி 300 வெள்ளி ஒரே ஒரு மாதம்தான் இருக்கும். சராசரியாகப் பார்த்தால் உங்கள் காசு ஓராண்டு கொஞ்சம்தான் வேலை செய்கிறது.

நிதிக்கும் இதே கணக்குதான். அது ஆண்டுக்கு 6 விழுக்காடு சீராக வளர்ந்தாலும் லாபம் சுமார் 450 வெள்ளி. ஒவ்வொரு முறை வாங்கும்போதும் 1 விழுக்காடு கட்டணம் என்றால் அதில் 72 வெள்ளி போய்விடும். ஆக, சேமிப்புக் கணக்கைவிடக் கூடுதலாகக் கிடைப்பது 230 வெள்ளி போல.

சரி, சந்தை விழுந்தால்?

நடந்த ஒன்றையே பார்ப்போம். ஒருவர் 2018 ஏப்ரலில் தொடங்கி 24 மாதம் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டைப் பின்பற்றும் நிதியில் போட்டார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காலத்தில் குறியீடு பெரும்பாலும் 3,000க்கும் 3,600க்கும் இடையில் இருந்தது. அவர் வாங்கிய சராசரி விலை ஏறக்குறைய 3,200 புள்ளி.

கொவிட் பரவியபோது, 2020 மார்ச் 23ஆம் தேதி குறியீடு 2,233 புள்ளிக்கு இறங்கியது. அன்று விற்றிருந்தால் 7,200 வெள்ளி ஏறக்குறைய 5,000 வெள்ளியாகியிருக்கும். இடையில் கிடைத்த ஈவுத்தொகையைச் சேர்த்தாலும் 5,500ஐத் தொட்டிருக்காது. அந்த ஆண்டு இறுதியில் குறியீடு 2,843க்கு ஏறியது. அப்போதும் போட்ட காசு முழுசாகத் திரும்பவில்லை.

230 வெள்ளி கூடுதலாகக் கிடைக்கலாம். 2,000 வெள்ளி குறையவும் செய்யலாம். குறுகிய இலக்குக்கு நிதியில் போடுவதன் சிக்கல் இதுதான்.

மாதாமாதம் வாங்கினால் ஆபத்து குறையும் என்கிறார்களே?

தொடக்கத்தில் உண்மை. மூன்றாவது மாதம் சந்தை 30 விழுக்காடு விழுந்தால், இருக்கும் 900 வெள்ளியில் 270தான் குறையும். அடுத்த 21 மாதமும் மலிவாக வாங்கலாம். 24வது மாதம் அதே வீழ்ச்சி வந்தால் முழுத் தொகையிலும் அடி: 2,160 வெள்ளி. மலிவாக வாங்க இனி மாதங்களே இல்லை.

அப்படியானால் எப்படி முடிவு செய்வது?

முதலில் கேட்க வேண்டியது: தேதியைத் தள்ளிப்போட முடியுமா? சாவி, திருமணம், படிப்புக் கட்டணம் போன்றவை காத்திருக்காது. அவை மூன்று ஆண்டுக்குள் வந்தால் சேமிப்புக் கணக்கே பொருத்தம். உறுப்பு வங்கியில் போட்ட சிங்கப்பூர் வெள்ளிக்கு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 100,000 வெள்ளி வரை வைப்புத்தொகைக் காப்புறுதியும் உண்டு. நிதி முதலீட்டுக்கு அது கிடையாது.

கணக்கைத் திறக்கும் முன் ஒன்றைப் படித்துவிடுங்கள்: ஒரு மாதம் தவறினாலோ இடையில் காசு எடுத்தாலோ கூடுதல் வட்டி போய்விடுமா? பல திட்டங்களில் விளம்பர வட்டியின் பெரும்பகுதி அந்த நிபந்தனையில்தான் இருக்கும். அவசரத்துக்கு எடுக்க வேண்டியிருக்கும் என்று தோன்றினால் 300க்குப் பதில் 250 போட்டு, 50ஐத் தனியாக வைப்பது நல்லது.

இலக்கு ஏழு, எட்டு ஆண்டு தள்ளி இருந்தால் கதை வேறு. முதல் ஆண்டுகளில் நிதியில் போடலாம். கடைசி இரண்டு, மூன்று ஆண்டுகளில் புதிய தவணையைச் சேமிப்புக் கணக்குக்குத் திருப்பி, நிதியில் இருப்பதையும் கொஞ்சம் கொஞ்சமாக விற்று மாற்றிக்கொள்ளலாம். அந்த மாற்றத்துக்கான தேதியை முதலீட்டைத் தொடங்கும் நாளிலேயே கைப்பேசி நாள்காட்டியில் குறித்து வையுங்கள். சந்தை ஏறிக்கொண்டிருக்கும்போது விற்க யாருக்கும் மனசு வராது.