நாரி நோவும் மனேஜருக்கு ஒரு மெசேஜும்

டிஸ்க் விலகினவரைப் பார்த்தால் வருத்தக்காரர் மாதிரித் தெரியாது. நடப்பார், நிற்பார், சிரிப்பார். ஆனால் இருபது நிமிடம் கதிரையில் இருந்தால் பின்தொடையிலிருந்து குதிக்கால் வரை கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கும். எனக்கு நாரியின் அடியில், எல்5 எஸ்1 எலும்புகளுக்கு நடுவில் இருக்கிற டிஸ்க் பிதுங்கி இடதுகால் நரம்பை அழுத்துது. போன மே மாதம் அது இரண்டாவது தடவையாகக் கிளம்பியது. லண்டனில் ஒஃபிஸுக்குப் போகவே ட்ரெயினில் ஒரு மணி பத்து நிமிடம் வேணும்.

இந்த நிலையில் நம்மில் நிறையப் பேர் பல்லைக் கடிச்சுக்கொண்டு போவோம், இல்லாட்டி "சுகமில்லை, முடிந்தால் வீட்டிலிருந்து செய்கிறேன்" என்று ஒரு வரி அனுப்புவோம். அந்த ஒரு வரியை வாசிக்கிற மனேஜருக்கு இது சிக் லீவா, வேலையா, எத்தனை நாள் என்று ஒன்றும் விளங்காது. பிறகு ஒவ்வொரு காலையும் "இன்றைக்கு வருவீங்களா?" என்ற கேள்வி வரும். நான் அனுப்பினது கிட்டத்தட்ட இப்படித்தான்:

"நாரி டிஸ்க் பிரச்சினை மீண்டும் கடுமையாகிவிட்டது. மே 12 திங்கள் முதல் மே 23 வெள்ளி வரை முழுவதும் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேட்கிறேன்.

பயணமும் தொடர்ந்து இருப்பதும்தான் இப்போது முடியாதவை. வீட்டில் நின்று வேலை செய்ய உயரமான மேசை இருக்கிறது. வழக்கமான நேரம் முழுக்க வேலை செய்வேன். செவ்வாய்க்கிழமைகளில் காலை 8.30க்கு பிசியோ இருப்பதால் அன்று 10 மணிக்குத் தொடங்கி, மாலையில் ஈடுசெய்வேன்.

15ஆம் திகதி வாடிக்கையாளர் கூட்டத்தில் வீடியோவில் சேருவேன். நான் எடுக்கும் மருந்து தூக்கம் தரும் என்பதால், முதல் கிழமை இரவு ஒன்-கோலைச் செய்யமுடியாது. என் சக ஊழியர் மாறிச் செய்யச் சம்மதித்திருக்கிறார். மற்ற வேலைகளின் திகதி மாறாது.

21ஆம் திகதி புதன்கிழமை நிலைமையைச் சொல்கிறேன். குறையாவிட்டால் டொக்டரின் குறிப்போடு அடுத்ததைப் பேசுவோம்."

இதில் நோவைப் பற்றி ஒரு வரிதான் இருக்கு. எம்.ஆர்.ஐ ரிப்போர்ட்டோ, இரவெல்லாம் நித்திரை இல்லாத கதையோ மனேஜருக்குத் தேவையில்லை. எதைச் செய்ய முடியாது, எதைச் செய்ய முடியும், யார் அந்த இடத்தை நிரப்புவார் என்பதுதான் அவர் தன் மேலதிகாரிக்குச் சொல்லவேண்டிய விஷயம். ஒன்-கோலை நாமே முதலில் எழுதிவிட்டால், அது மறைத்த விஷயமாகப் பிறகு வெளிவராது.

இரண்டு கிழமை என்பது குணமாகும் கணக்கு இல்லை. இப்படிக் காலுக்கு இறங்கும் நோ தணிய வழக்கமாக நாலு முதல் ஆறு கிழமை, சிலருக்கு அதைவிடக் கூடவும் எடுக்கும். ஆகவே "23ஆம் திகதி சரியாகிவிடும்" என்று வாக்குக் கொடுக்காமல், முடிவதற்கு இரண்டு நாள் முன்னரே ஒரு பார்வை நாளை வைத்தேன். என் மனேஜர் கேட்டது ஒன்றுதான்: கூட்டத்துக்கு நேரில் யார் போவது? பதில் கையில் இருந்ததால் அன்று மாலையே சரி என்றார்.

மறுத்தால்? பிரித்தானியாவில் முதல் 7 நாள் சிக் லீவுக்கு டொக்டர் கடிதம் தேவையில்லை. அதற்கு மேல் ஃபிட் நோட் வேணும். அதில் "மாற்றங்கள் செய்தால் வேலை செய்யலாம்" என்ற தெரிவும் இருக்கு. 2022 ஜூலையிலிருந்து பிசியோதெரபிஸ்டும் அதைக் கொடுக்கலாம். அந்த மாற்றத்தை வேலையிடம் செய்யமுடியாது என்றால், நீங்கள் வேலைக்குத் தகுதியில்லாதவராகவே கணக்கு, சிக் லீவு எடுக்கலாம். 'ஃப்ளெக்ஸிபிள் வேர்க்கிங்' விண்ணப்பம் இதற்குப் பொருந்தாது. அது ஒப்பந்தத்தை மாற்றுவதற்கானது, பதிலுக்கு இரண்டு மாதம் வரை போகலாம்.

அனுமதி கிடைச்ச பிறகு இரண்டு விஷயம் கவனம். சோபாவில் லாப்டொப்போடு சாய்ந்துகிடந்தால் ஒஃபிஸ் கதிரையைவிட மோசம், அரை மணிக்கொருக்கா எழும்பி நடக்கவேணும். அப்பா வீட்டில் நிற்கிறார் என்று பிள்ளை தூக்கச்சொல்லி ஓடிவரும். நிலத்தில் கிடந்தபடி கட்டிப்பிடிக்கலாம், குனிஞ்சு தூக்கக்கூடாது.

இரண்டு காலும் பலவீனமானால், மர்ம உறுப்பைச் சுற்றி விறைத்தால், சலம் போவது கஷ்டமானால் அல்லது அடக்கமுடியாமல் போனால், அது மெசேஜ் எழுதும் நேரம் இல்லை. உடனே 999, அல்லது ஏ அண்ட் ஈ. மனேஜருக்கு வீட்டுக்காரர் யாராவது சொல்லட்டும்.